கடுங்குளிரில் டீசல் மெழுகாவது, ஹீட்டர் விளக்கு, ஃபில்டர் எச்சரிக்கை: கனடாவில் டீசல் வண்டி ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் மைனஸ் 28. வண்டி ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிடம் ஓடி, இழுவை குறைந்து, சாலையோரம் நின்றுவிட்டது. டீசல் உறைந்திருந்தால் ஸ்டார்ட்டே ஆகியிருக்கக் கூடாதே?

டீசல் தண்ணீரைப் போல ஒரே குளிரில் கட்டியாகிவிடுவதில்லை. அதற்குள் பாரஃபின் மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கிறது. குளிர் கூடும்போது அந்த மெழுகு நுண்ணிய படிகங்களாகப் பிரியத் தொடங்கும், தெளிந்திருந்த டீசல் மங்கலாகும். அந்த வெப்பநிலையைத்தான் கிளவுட் பாயின்ட் என்கிறோம். அந்த நிலையிலும் டீசல் திரவம்தான், குழாயில் ஓடும். படிகங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஃபில்டர். அதன் துளைகள் மைக்ரான் கணக்கில் இருப்பதால், தேங்காய்ப்பால் வடிகட்டும் துணியில் சக்கை சேர்வதைப் போல மெழுகு அதில் ஏடு ஏடாகப் படியும்.

ராத்திரி நின்ற வண்டியின் ஃபில்டருக்குள்ளும் குழாயிலும் கொஞ்சம் டீசல் ஏற்கெனவே இருக்கும். இன்ஜின் அதை வைத்து ஸ்டார்ட் ஆகிவிடும். பிறகு டேங்கிலிருந்து மெழுகுப் படிகங்களோடு டீசல் வந்து சேரச் சேர ஃபில்டர் அடைபடும். நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது இன்ஜின் கேட்கும் அளவு டீசல் ஃபில்டரைத் தாண்டி வராது. முதலில் ஏற்றத்தில் இழுவை குறையும், அப்புறம் வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாது, அப்புறம் நிற்கும். ஸ்கேனரில் பெரும்பாலும் `P0087` வரும். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் ரெயில் என்ற குழாயில் அழுத்தம் போதவில்லை என்று அதற்குப் பொருள். இதைப் பார்த்ததும் உயர் அழுத்த பம்ப் போய்விட்டது என்று பயந்து பெரிய செலவில் இறங்க வேண்டாம். கடுங்குளிர்க் காலையில் இந்தக் குறியீடு வந்தால் முதலில் ஃபில்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

என் வண்டியில் ஃபில்டர் ஹீட்டர் இருக்கிறது. அப்படியும் எப்படி மெழுகு படியும்?

இந்த ஹீட்டர் என்ன செய்யும், எது அதன் சக்திக்கு அப்பாற்பட்டது என்று தெரியாததால்தான் நம்மில் பலர் வழியில் நிற்கிறோம். பிக்கப், வேன் போன்ற வண்டிகளில் இது ஃபில்டர் கூட்டின் தலைப்பகுதியில் இருக்கும் சிறிய மின்சூடாக்கி. சக்தி சில நூறு வாட் அளவில்தான் இருக்கும். உள்ளே ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. டீசல் பிளஸ் ஏழெட்டு டிகிரிக்குக் கீழே போனால் பல வண்டிகளில் அது தானாகவே மின்சாரத்தைச் சேர்க்கும், டீசல் நன்றாகச் சூடானதும் துண்டித்துவிடும்.

அது சூடாக்குவது ஃபில்டரைக் கடந்துபோகும் டீசலை மட்டும். டேங்குக்குள் இருக்கும் டீசலையோ, சேசிஸுக்கு அடியில் காற்றில் தொங்கும் குழாயையோ, டேங்கின் அடியில் உள்ள உறிஞ்சு வலையையோ அது தொடுவதேயில்லை. லேசாக மங்கிய டீசல் வந்தால் ஃபில்டருக்குள் படிகங்களைக் கரைத்துச் சமாளிக்கும். கஞ்சி போல் தடித்த டீசல் வந்தால், ஓடும் இன்ஜின் இழுக்கும் வேகத்துக்கு அந்தச் சில நூறு வாட் எந்த மூலைக்கு? டேங்கிலிருந்தே டீசல் ஏறாவிட்டால் ஹீட்டருக்கு வேலையே இல்லை. ஹீட்டர் தரும் பாதுகாப்பு சில டிகிரிகளுக்குத்தான். மற்றதெல்லாம் டேங்கில் இருக்கும் டீசலின் தரத்தைப் பொறுத்தது.

டாஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரிகிறது. அதுதானே ஃபியூயல் ஹீட்டர் விளக்கு?

இல்லை. அந்தச் சுருள் குளோ பிளக் அல்லது இன்டேக் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டருக்கு உரியது. சிலிண்டருக்குள் போகும் காற்றையும் எரியறையையும் சூடாக்குவதற்கும் டீசலின் மெழுகுக்கும் தொடர்பில்லை. சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில வினாடிகளில் அணைந்தால் சரி. சில பிக்கப்களில் இதே செய்தி எழுத்தில் `WAIT TO START` என்று வரும். ஓடும்போது அந்தச் சுருள் விட்டுவிட்டு எரிந்தால், பல ஐரோப்பிய வண்டிகளில் அது இன்ஜின் கோளாறுக்கான அறிவிப்பு.

ஃபில்டர் ஹீட்டருக்குப் பெரும்பாலான வண்டிகளில் விளக்கே கிடையாது. அது சத்தமில்லாமல் வேலை செய்யும், சத்தமில்லாமலே கெட்டும் போகும். சில லாரிகளில் ஹீட்டருக்குத் தனி சுவிட்சும் சிறிய விளக்கும் வைத்திருப்பார்கள். அந்த விளக்கு எரிந்தால் மின்சாரம் போகிறது என்றுதான் அர்த்தம், டீசல் சூடாகிவிட்டது என்று அல்ல. மூன்றாவது ஒரு விளக்கு உண்டு. ஃபில்டர் கூட்டின் படம், அதன் அடியில் துளிகள். அது தண்ணீருக்கான எச்சரிக்கை. இதை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

ஃபில்டர் எச்சரிக்கை வந்துவிட்டது. மெழுகா, தண்ணீரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டும் ஃபில்டரை அடைக்கும், ஆனால் வேறு வேறு குளிரில். தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியிலேயே பனிக்கட்டியாகிவிடும். அதனால் மைனஸ் 5 அளவிலான லேசான குளிரில் வண்டி மூச்சுத் திணறினால் என் சந்தேகம் முதலில் தண்ணீர்மேல் போகும். குளிர்கால டீசலில் அந்த வெப்பநிலையில் மெழுகு பிரிவது அரிது. மைனஸ் 25க்குக் கீழே, அதுவும் தெற்கில் நிரப்பிய டீசல் என்றால் மெழுகு. எச்சரிக்கை விளக்கும் உதவும். துளிப் படமோ `WATER IN FUEL` என்ற வாசகமோ `P2269` என்ற குறியீடோ வந்தால், ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள சென்சார் தண்ணீரைத் தொட்டிருக்கிறது. மெழுகைக் கண்டுபிடிக்கும் சென்சார் எதுவும் இல்லை. மெழுகு வந்தால் அழுத்தம் குறைந்த குறியீடோ, ஃபில்டரை மாற்றச் சொல்லும் வாசகமோதான் வரும்.

உறுதி செய்துகொள்ள ஒரு கண்ணாடி ஜாடி போதும். ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து ஒரு டம்ளர் அளவு ஜாடியில் பிடியுங்கள். வடிகுழாயைத் திறந்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், கிண்ணத்தில் பனிக்கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். டீசல் வந்தால் ஜாடியை மூடி, நெருப்பில்லாத ஒரு சூடான கராஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். மங்கலாக இருந்தது முழுக்கத் தெளிந்து அடியில் எதுவும் தங்கவில்லை என்றால் அது மெழுகு. அடியில் தனியாக ஒரு படலமோ, உருளும் குமிழ்களோ இருந்தால் தண்ணீர். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

தண்ணீரை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்றால், உயர் அழுத்த பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு டீசலேதான். டீசல் ஓட வேண்டிய இடத்தில் தண்ணீர் ஓடினால் உலோகம் உலோகத்தோடு உரசும், துருவும் பிடிக்கும். மெழுகு வண்டியை நிறுத்தும், சூடு பட்டால் கரைந்துபோகும். தண்ணீர் செய்யும் சேதம் கரையாது.

டொராண்டோ பக்கம் டேங்கை நிரப்பிக்கொண்டு வடக்கே போகிறேன். கனடாவில் எங்கும் குளிர்கால டீசல்தானே விற்கிறார்கள்?

குளிர்கால டீசல்தான், ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே குளிர்காலம் இல்லை. கனடாவில் டீசலின் கிளவுட் பாயின்டை ஊர்ப் பகுதிக்கும், மாதத்தின் முதல் பாதி, இரண்டாம் பாதி என்ற கணக்குக்கும் ஏற்ப மாற்றி விற்பார்கள். அந்தப் பகுதியில், அந்தப் பதினைந்து நாளில் வழக்கமாக எவ்வளவு குளிரும் என்ற பழைய வானிலைப் பதிவுகளே அடிப்படை. டொராண்டோவில் நவம்பர் கடைசியில் விற்கும் டீசல், டொராண்டோவின் நவம்பருக்காகச் செய்தது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நவம்பர் கடைசியில் ஸ்கார்பரோவில் டேங்கை விளிம்புவரை நிரப்பினேன். வெளியே பிளஸ் 4. தண்டர் பே போகும் வழியில் 17ஆம் நெடுஞ்சாலையில் வாவாவைத் தாண்டி, வைட் ரிவரில் இரவு தங்கினேன். வழியில் ஒரு தடவை, டேங்க் பாதியானபோது கொஞ்சம் நிரப்பியிருந்தேன், அவ்வளவுதான். விடிகாலையில் மைனஸ் 31. பிளாக் ஹீட்டர் இரவெல்லாம் செருகியிருந்ததால் இன்ஜின் அழகாக ஸ்டார்ட் ஆனது. பன்னிரண்டு கிலோமீட்டர் போனேன். முதல் கேள்வியில் ஒருவர் சொல்லியிருப்பது அப்படியே எனக்கும் நடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளங்குவதற்காக வைத்தவை. நானூறு லிட்டர் டேங்கில் மைனஸ் 15 வரை தெளிவாக இருக்கும் தெற்கத்திய டீசல் இருநூறு லிட்டர் மிச்சம் இருக்கிறது. அதன்மேல் மைனஸ் 35 தாங்கும் வடக்கத்திய டீசல் இருநூறு லிட்டர் ஊற்றுகிறேன். கலவை மைனஸ் 35 தாங்காது. சராசரியாக மைனஸ் 25க்கு வரும், உண்மையில் அதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும். காரணம், மெழுகு அதிகமுள்ள பங்குதான் முதலில் மங்கும். மைனஸ் 31 இரவில் அது போதாது. அதே டேங்கில் பழைய டீசல் நூறு லிட்டர்தான் மிச்சம் என்று வைத்து முந்நூறு லிட்டர் வடக்கத்திய டீசல் சேர்த்தால், மைனஸ் 30க்கு அருகே போகும். ஹீட்டர் மிச்சத்தைச் சமாளிக்க ஓரளவு வாய்ப்பு உண்டு.

அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: தெற்கில் போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் நிரப்புவேன். கால் டேங்குக்குக் கீழே இறக்க மாட்டேன், ஏனென்றால் வடக்கில் நிலையங்களுக்கு நடுவே தூரம் அதிகம், சாலை மூடப்பட்டால் சூட்டுக்கு இன்ஜின் ஓட வேண்டும். கால் டேங்கோடு போய்ச் சேர்ந்து, தூங்கப் போகும் ஊரில், தூங்குவதற்கு முன்பு முழுக்க நிரப்புவேன். நிரப்பிய பிறகு பத்து பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நிறுத்துவேன். இல்லாவிட்டால் குழாயிலும் ஃபில்டரிலும் பழைய டீசலே தங்கி இரவு முழுக்கக் குளிரும்.

கூகுளில் "உணரும் குளிர் மைனஸ் 42" என்று காட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் டீசலுக்குத் தயாராக வேண்டுமா?

வேண்டாம். காற்றால் கூடுதலாக உணரும் குளிர் நம் தோலுக்கான கணக்கு. டீசல் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகவே போகாது, காற்றடித்தால் அந்த வெப்பநிலைக்குச் சீக்கிரம் இறங்கும், அவ்வளவே. நீங்கள் பார்க்க வேண்டியது உண்மையான வெப்பநிலையும், அது எத்தனை நாள் நீடிக்கிறது என்பதும். பெரிய டேங்க் முழுதாகக் குளிர ஓரிரு நாள்கூட ஆகும். அதனால்தான் ஒரு இரவு மைனஸ் 25 எந்தத் தொந்தரவும் தராமல் போக, வெள்ளி மாலை நிறுத்திய வண்டி திங்கள் காலையில் நின்றுபோகிறது.

இரவெல்லாம் பிளாக் ஹீட்டர் செருகி வைத்தால் டீசல் உறையாதல்லவா?

பிளாக் ஹீட்டர் இன்ஜினின் கூலன்டைச் சூடாக்கும். டேங்கு அதற்குத் தள்ளி, வெளியே தொங்குகிறது. வைட் ரிவரில் என் இன்ஜின் நன்றாக ஸ்டார்ட் ஆனதும், அப்புறம் நின்றதும் இதனால்தான்.

கடையில் ஜெல் ஆகாமல் தடுக்கும் திரவம் விற்கிறார்கள். எப்போது ஊற்ற வேண்டும்? எல்லா வண்டிக்கும் பலன் தருமா?

டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். அந்தத் திரவம் மெழுகைக் கரைப்பதில்லை. படிகங்கள் உருவாகும் வேளையில் அவற்றின் வடிவத்தை மாற்றி, பெரிய தகடுகளாக ஒட்டிக்கொள்ளாமல் சிறுசிறு துண்டுகளாக வைத்து, ஃபில்டர் வழியே போக விடுகிறது. அதனால் கிளவுட் பாயின்ட் பெரிதாக மாறாது, ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலைதான் கீழே இறங்கும். ஏற்கெனவே மங்கிய டீசலில் ஊற்றினால் உருவான படிகங்களை அது திருத்தாது.

எனவே நிரப்புவதற்குமுன் டேங்கில் திரவத்தை ஊற்றி, அதன்மேல் டீசலை நிரப்புங்கள். டீசலின் வேகமே கலக்கிவிடும். போத்தலில் சொன்ன அளவுக்குமேல் ஊற்றிப் பயனில்லை. மைனஸ் 20க்குக் கீழே போத்தலே தடித்துப்போகலாம், அதனால் கேபினுக்குள் வைத்திருங்கள். ஏற்கெனவே மெழுகான டீசலைக் கரைக்கவென்றே தனியாக ஒரு மீட்புத் திரவம் விற்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கிவிடாதீர்கள். லேபிளைப் படித்து, எது முன்னே, எது பின்னே என்று பாருங்கள்.

ஊரில் பழைய டிரைவர்கள் மண்ணெண்ணெய் கலப்பார்கள், கொஞ்சம் பெட்ரோல்கூட ஊற்றுவார்கள். இங்கே செய்யலாமா?

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அது டேங்கில் எளிதில் தீப்பற்றும் ஆவியைச் சேர்க்கும், பம்பின் மசகையும் கெடுக்கும். பழைய இயந்திர பம்புகள் தாங்கியதை இன்றைய காமன் ரெயில் பம்புகள் தாங்காது.

மண்ணெண்ணெய் பற்றிக் கேட்டால், அதே குடும்பத்தைச் சேர்ந்த நம்பர் 1 டீசல் வட கனடாவில் பல இடங்களில் சாலை உபயோகத்துக்கே விற்கிறது. அதில் மெழுகு மிகக் குறைவு. சாதாரண டீசலில் பத்து சதவீதம் கலந்தால் கிளவுட் பாயின்ட் ஏறத்தாழ 2 டிகிரி இறங்கும். மைனஸ் 15 டீசலை மைனஸ் 25க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி போக வேண்டும். அந்த அளவில் மைலேஜ் கொஞ்சம் குறையும், மசகும் குறையும். வண்டியின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சாயம் கலந்த வரிவிலக்கு எரிபொருளைச் சாலை வண்டியில் ஊற்றினால் சட்டப்படி குற்றம், அதையும் மனதில் வையுங்கள்.

டீசல் உறைந்து நின்றுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் ஸ்டார்டரை விடுங்கள். டீசல் வராமல் திரும்பத் திரும்ப முடுக்கினால் பம்ப் வறட்டாகச் சுழலும், பேட்டரியும் தீரும். சாலையோரம் என்றால் ஆபத்து விளக்கைப் போட்டு, உங்கள் உடம்பைச் சூடாக வைப்பதுதான் அடுத்த வேலை. மைனஸ் 30ல் வண்டியைவிட அது அவசரம்.

சூடான கராஜுக்கு இழுத்துச் செல்ல முடிந்தால் அதுவே சிறந்த வழி. பத்து பதினைந்து டிகிரியில் ஓர் இரவு நின்றால் டேங்கு முழுவதும் மெழுகு கரைந்துவிடும். என் வண்டி அன்று எட்டு மணி நேரம் நின்றது. அவசரப்பட்டு ஐந்தாவது மணியில் எடுத்திருந்தால் டேங்கின் அடியில் மிச்சமிருந்த மெழுகு மீண்டும் அடைத்திருக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார், நானும் நம்புகிறேன்.

இழுக்க வழியில்லை என்றால் மீட்புத் திரவமும் புது ஃபில்டரும் வேண்டும். டேங்கில் அளவுப்படி திரவத்தை ஊற்றுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதை மாட்டும்போது வண்டிக்கு வண்டி வழக்கம் மாறும். உள்ளே ஊற்றலாம் என்று கையேடு சொன்னால், டீசல் உள்ளே நுழையும் அழுக்குப் பக்கத்தில் மட்டும் ஊற்றுங்கள், வடிகட்டிய பக்கத்தில் வேண்டாம். அதில் ஊற்றினால் வடிகட்டாத தூசு நேராக இன்ஜெக்டருக்குப் போகும். கையால் அழுத்தும் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள். மின்பம்ப் இருந்தால் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, முப்பது வினாடி விட்டு, ஆஃப் செய்து மூன்று நான்கு முறை திரும்பச் செய்யுங்கள். அப்புறம் ஸ்டார்ட் போடுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் உடனே பாரமேற்றாமல் சும்மா ஓடவிட்டு, சூடான டீசல் டேங்குக்குத் திரும்பிப் போக நேரம் கொடுங்கள்.

ஊதுவிளக்கு, கேஸ் டார்ச், தீப்பந்தம் போன்ற எதையும் டேங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். உறைந்த டீசல் எரியாது என்று சொல்லி யாராவது கொண்டுவந்தாலும் விடாதீர்கள்.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். மின்சாரமே போகவில்லை, கெட்டுவிட்டது என்றார். மாற்றிவிடலாமா?

எங்கே வைத்துச் சோதித்தார் என்று முதலில் கேளுங்கள். பதினெட்டு டிகிரி கராஜில் சில மணி நேரம் நின்ற வண்டியில் டீசலும் பதினெட்டு டிகிரிக்கு வந்திருக்கும். அந்தச் சூட்டில் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்தே வைத்திருக்கும், மின்சாரம் போகாதது இயல்பு. நல்ல ஹீட்டரும் கராஜுக்குள் செத்ததாகவே தெரியும்.

வண்டியை வெளியே ஓர் இரவு விட்டு, குளிரோடு காலையில் சோதிக்க வேண்டும். சாவி ஆன் நிலையில், அல்லது சில வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது, ஹீட்டர் கம்பியைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். 12 வோல்ட் வண்டியில் 150 வாட் ஹீட்டர் என்றால் பன்னிரண்டு ஆம்பியர் போல வர வேண்டும். டீசல் சூடாகச் சூடாக அது குறைந்து பூஜ்ஜியத்துக்கு வரும். குளிரில் ஆரம்பத்திலேயே பூஜ்ஜியம் என்றால் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் ரிலே, அப்புறம் இணைப்பான். உப்புச் சாலையில் ஓடும் வண்டிகளில் இணைப்பானின் முனைகள் பச்சை பூத்துக் கிடப்பது சாதாரணம். அதையும் தாண்டிய பிறகுதான் ஹீட்டரை மாற்றலாம்.

புது ஃபில்டர் போட்டும் இரண்டு நாளில் துளி விளக்கு திரும்ப வந்தது. ஃபில்டர் தரமில்லையா?

பெரும்பாலும் ஃபில்டர் குற்றமில்லை, டேங்கில் தண்ணீர் தங்கியிருக்கிறது. ஃபில்டரை மாற்றினால் அதன் கிண்ணத்தில் இருந்த தண்ணீர்தான் போனது. டேங்கின் அடியில் உள்ளது அடுத்த ஆட்டத்தில் மீண்டும் வந்து சேரும். கிண்ணத்தை வடியுங்கள், ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள், மீண்டும் வடியுங்கள். மூன்று முறைக்குப் பிறகும் ஜாடியின் அடியில் தண்ணீர் தெரிந்தால் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். நான் ஒருமுறை இதைத் தள்ளிப்போட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்கக் கண்ணாடி ஜாடியோடு திரிந்தேன். வசந்தத்தில் டேங்கைக் கழற்றியபோது அடியில் இரண்டு லிட்டர் தண்ணீரும், மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு வெடிப்பும் இருந்தன.